120 பக்க வெள்ளை அறிக்கை, ஒரு பக்கச் சுருக்கம்: சட்டமன்ற உறுப்பினருக்காக எழுதுவது எப்படி

உறுப்பினர் உங்கள் தாளை எந்த நேரத்தில் படிக்கப்போகிறார் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். குழுக் கூட்டத்துக்குப் போகிற வழியில், பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வர, இடையில் இரண்டு தொலைபேசி அழைப்புகளோடு படிப்பார். அவரிடம் இருப்பது ஐந்து நிமிடம். கூட்டத்தில் அவரை யாராவது மடக்கிக் கேள்வி கேட்டால், அந்தத் தாளில் இருப்பதை வைத்துத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும்.

அரசியல் மேடைகளில் "வெள்ளை அறிக்கை வெளியிடு" என்றால் கணக்கைக் காட்டு என்று பொருள். இங்கே நான் சொல்வது கொள்கை வெள்ளை அறிக்கையை. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, வழிகளை ஒப்பிட்டு, இதைச் செய்யலாம் என்று முடிக்கிற நீண்ட ஆவணம் அது. இன்னும் முடிவுக்கு வராமல் கருத்துக் கேட்பதற்காக வருவது பச்சை அறிக்கை. அதற்குச் சுருக்கம் எழுதும் முறை வேறு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு நகரத்தின் குடிநீர் இழப்பு பற்றிய 120 பக்க அறிக்கை. எண்கள் எல்லாம் நான் போட்டவை. ஆனால் அவற்றில் இருக்கும் சிக்கல்களை உண்மையான அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

படி 1: என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள்

அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே உறுப்பினரிடமோ அவருடைய உதவியாளரிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இதைப் படித்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும்?" நிதி ஒதுக்கீட்டுக்கு வாக்களிக்கப்போகிறாரா, குழுவில் அதிகாரிகளைக் கேள்வி கேட்கப்போகிறாரா, திருத்தம் கொண்டுவரப்போகிறாரா? ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் மாறும். வாக்களிப்பவருக்குச் செலவும் விளைவும் வேண்டும். கேள்வி கேட்பவருக்கு அறிக்கையில் எந்த இடம் பலவீனம் என்று தெரிய வேண்டும்.

நம் உதாரணத்தில், புதிய நீர் ஆதாரத்துக்கு 400 கோடி ஒதுக்கும் கோரிக்கை அடுத்த வாரம் குழுவுக்கு வருகிறது. ஆதரிப்பதா, நிபந்தனை போடுவதா என்று உறுப்பினர் முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை ஒரு சீட்டில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். இதற்கு உதவாத எதுவும், எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும், தாளில் வராது.

படி 2: பின்னாலிருந்து படியுங்கள்

முன்னால் இருக்கும் நிர்வாகச் சுருக்கத்தை முதலில் படிக்காதீர்கள். அதை எழுதியவர்கள் அறிக்கையை எழுதியவர்களேதான். பரிந்துரை ஏற்கப்பட வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கும். அதை முதலில் படித்துவிட்டால் மீதிப் பக்கங்களை அவர்கள் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.

நான் படிக்கிற வரிசை இது: முதலில் பரிந்துரை அத்தியாயம், அடுத்துச் செலவு அட்டவணைகள், அவற்றின் அடிக்குறிப்புகள், பின்னிணைப்பில் இருக்கும் கணக்கீட்டு முறை, அப்புறம் வழிகள், சிக்கல். நிர்வாகச் சுருக்கம் கடைசியில். அப்போது அது ஒரு சோதனைத் தாளாகிவிடும். உள்ளே இருப்பதும் முன்னால் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாத இடம்தான் உறுப்பினருக்கு மிகவும் தேவையான இடம்.

படிக்கும்போது எடுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "அப்புறம் தேடிக்கொள்ளலாம்" என்று விட்டால், கூட்டத்துக்கு முந்தைய இரவு 120 பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கும்.

படி 3: சிக்கலை மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்

யாருக்குச் சிக்கல், எவ்வளவு, எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும். இவ்வளவுதான். வரலாறு, சட்டப் பின்னணி, பிற நாடுகளின் அனுபவம் எல்லாம் அறிக்கையிலேயே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது தலைப்பு எண்ணை. நம் அறிக்கையின் முதல் பக்கம், "நகரத்துக்கு அனுப்பும் நீரில் 40 சதவீதம் வீணாகிறது" என்கிறது. மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனால் கதை வேறு. தினமும் அனுப்புவது 100 மில்லியன் லிட்டர். அதில் 30 குழாய்க் கசிவில் போகிறது. இன்னும் 10 மில்லியன் லிட்டர் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது, ஆனால் கட்டணம் வரவில்லை: மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, அல்லது அனுமதியில்லாத இணைப்பு. நீர் வழங்கல் துறையில் முதலாவதை உண்மை இழப்பு என்றும் இரண்டாவதைத் தோற்ற இழப்பு என்றும் பிரிப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் வருவாய் தராத நீர். அந்த 10 மில்லியன் லிட்டரை யாரோ குடித்திருக்கிறார்கள். அது வருவாய்ப் பிரச்சினை. அதை "வீண்" என்று உறுப்பினர் அவையில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடுவார்.

சதவீதம் ஒன்றைப் பார்த்தால், எதில் சதவீதம், அதற்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்படி அளந்தார்கள் என்று மூன்றையும் தேடுங்கள். இந்த அறிக்கையில் கசிவை அளந்தது இரவு ஓட்டத்தை வைத்து. ஊர் உறங்கும் பின்னிரவில் பயன்பாடு மிகக் குறைவு. அப்போதும் குழாயில் ஓடுகிற நீரில் பெரும்பகுதி கசிவு என்று கணக்கிடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அளந்தது 20 மண்டலங்களில் இரண்டில் மட்டும், அதுவும் மிகப் பழைய குழாய்கள் இருக்கும் மண்டலங்களில். இந்தத் தகவல் ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்திருந்தது.

படி 4: வழிகளை ஒரு வரிசையில் நிறுத்துங்கள்

நான்குக்கு மேல் வைத்தால் உறுப்பினர் மனத்தில் நிற்காது. அறிக்கையில் ஏழு இருந்தாலும், நெருங்கியவற்றைச் சேர்த்துக் குறைக்கலாம். ஆனால் "இப்போது இருப்பதுபோலவே விடுவது" என்ற வழியை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட அதுதான் அளவுகோல். அதற்கும் செலவு உண்டு.

நம் அறிக்கையில் இருப்பவை: இப்போதுபோல் உடைந்தால் சரிசெய்வது, நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, அழுத்தத்தைக் குறைத்து, கசிவைத் தேடிப் பிடித்து அடைப்பது, பழைய குழாய்களை முழுவதும் மாற்றுவது, புதிய நீர் ஆதாரத்திலிருந்து கூடுதல் நீர் கொண்டுவருவது. அழுத்தத்தைக் குறைப்பது ஏன் ஒரு வழி என்று உறுப்பினருக்கு அரை வரியில் சொல்லிவிடலாம்: அழுத்தம் குறைந்தால் அதே ஓட்டையில் கசிவும் குறையும், குழாய் வெடிப்பதும் குறையும்.

வழிகளைப் படிக்கும்போது ஒரு பழைய தந்திரத்தைக் கவனியுங்கள். தங்களுக்குப் பிடித்த வழிக்கு இரு பக்கமும் இரண்டு பொம்மைகளை நிறுத்துவார்கள். ஒன்று எதுவுமே செய்யாதது, இன்னொன்று யாராலும் கட்டுப்படியாகாதது. நடுவில் இருப்பது தானாகவே நியாயமாகத் தெரியும். இங்கே 900 கோடியில் குழாய்களை முழுவதும் மாற்றும் வழி அப்படி ஒரு பொம்மை. அதை விரிவாக அலசிய அறிக்கை, மண்டல வழிக்கு மூன்றே பக்கம் ஒதுக்கியிருக்கிறது. எந்த வழிக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்ப்பது அற்பமான வேலைபோலத் தோன்றும். செய்து பாருங்கள், நிறையச் சொல்லும்.

படி 5: செலவுகளை ஒரே தராசில் போடுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அறிக்கையின் செலவு அட்டவணையை அப்படியே எடுத்து எழுதிக் கொடுத்தேன். குழுவில் ஒருவர், "இதில் பராமரிப்பு சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். உறுப்பினர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. சேரவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த அட்டவணையையும் திறந்து பார்க்காமல் தாளில் ஏற்றுவதில்லை.

நம் அறிக்கை அச்சிட்டபடி இதுதான் கணக்கு. மண்டல வழி 90 கோடி, மிச்சமாகும் நீர் தினம் 14 மில்லியன் லிட்டர். புதிய ஆதாரம் 400 கோடி, கிடைக்கும் நீர் 40. அதாவது ஒரு மில்லியன் லிட்டருக்கு முன்னது சுமார் 6 கோடி, பின்னது 10 கோடி. பெரிய வித்தியாசம் இல்லை, புதிய ஆதாரத்தில் நீரும் அதிகம், அதையே செய்வோம் என்று யாருக்கும் தோன்றும். பரிந்துரையும் அதுதான்.

இப்போது அடிக்குறிப்பு. மண்டல வழியின் 90 கோடியில் 60 மூலதனம், 30 ஐந்து ஆண்டுப் பராமரிப்பு. புதிய ஆதாரத்தின் 400 கோடி முழுவதும் மூலதனம் மட்டுமே. நீரை இறைக்கும் மின்சாரம், சுத்திகரிப்பு, ஆட்கள் எல்லாம் ஆண்டுக்கு 25 கோடி என்று பின்னிணைப்பில் தனியாக இருக்கிறது. ஒன்று ஐந்து ஆண்டோடு, இன்னொன்று பூஜ்ய ஆண்டோடு. இவற்றை ஒப்பிடவே முடியாது.

எல்லாவற்றையும் கட்டுமானமும் 10 ஆண்டு ஓட்டமும் என்று ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவோம். மண்டல வழிக்கு ஆண்டுக்கு 6 கோடி வீதம், 60 + 60 = 120 கோடி. புதிய ஆதாரத்துக்கு 400 + 250 = 650 கோடி.

அடுத்தது பலன். புதிய ஆதாரத்தின் 40 மில்லியன் லிட்டரும் அதே ஓட்டைக் குழாயில்தான் வரப்போகிறது. அதே 30 சதவீதம் கசியும் என்று வைத்தால், வீட்டுக்கு வருவது 28. ஆக ஒரு மில்லியன் லிட்டருக்கு மண்டல வழி சுமார் 9 கோடி, புதிய ஆதாரம் சுமார் 23 கோடி. 6-க்கு 10 என்றிருந்தது 9-க்கு 23 ஆகிவிட்டது. நான் புதிதாக எந்த எண்ணையும் கொண்டுவரவில்லை. எல்லாம் அறிக்கையிலேயே, வெவ்வேறு பக்கங்களில் இருந்தவை.

இங்கே நிறுத்திவிட்டால் நாமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தவர்கள் ஆகிவிடுவோம். நம் கணக்கை நாமே உடைத்துப் பார்க்க வேண்டும். மண்டல வழியின் 14 என்பது அந்த இரண்டு பழைய மண்டலச் சோதனையிலிருந்து வந்தது. பின்னிணைப்பு 9 முதல் 14 வரை என்று வரம்பு கொடுக்கிறது, முன்பக்கம் மேல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 9 என்றே வைத்தாலும் ஒரு மில்லியன் லிட்டருக்கு 13 கோடிதான், இன்னும் மலிவு. சரி, 10 ஆண்டு என்பது நெடுநாள் உழைக்கும் கட்டுமானத்துக்கு அநியாயம் இல்லையா? 30 ஆண்டுக்குப் போட்டு, மண்டல வழியின் கருவிகளை நடுவில் ஒருமுறை புதிதாக வாங்குவதாகவும் சேர்த்தேன். மோசமான 9-ஐ வைத்தால் 33 கோடி, புதிய ஆதாரம் 41 கோடி. இடைவெளி குறுகியது, வரிசை மாறவில்லை.

தள்ளுபடி வீதத்தையும் ஒருமுறை பாருங்கள். எதிர்காலத்தில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வீதம் கழிப்பார்கள். பிரிட்டன் நிதித்துறையின் வழிகாட்டி நூல் வழக்கமாக 3.5 சதவீதம் வைக்கிறது. 30 ஆண்டு கழித்து வரும் 100 கோடி, அந்த வீதத்தில் இன்று சுமார் 36 கோடி. 7 சதவீதம் வைத்தால் 13 கோடி. பலன் தாமதமாக வரும் திட்டம் நல்லதா கெட்டதா என்பதை இந்த ஓர் எண்ணே தீர்மானித்துவிடும். உறுப்பினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறிக்கை வைத்த வீதத்தை மாற்றினால் பரிந்துரை மாறுகிறது என்றால் மட்டும் ஒரு வரி சொல்லுங்கள்.

படி 6: அறிக்கை சொன்னதும் நீங்கள் சொல்வதும் கலக்கக் கூடாது

அறிக்கை புதிய ஆதாரத்தைப் பரிந்துரைக்கிறது. உங்கள் கணக்கு மண்டல வழியை முதலில் செய் என்கிறது. அறிக்கையின் பரிந்துரையை மழுப்பி எழுதுவதும் தவறு, உங்கள் முடிவை அறிக்கையின் வாயில் போடுவதும் தவறு. "அறிக்கையின் பரிந்துரை", "அலுவலகக் குறிப்பு" என்று இரண்டு தலைப்பு வையுங்கள்.

அறிக்கையின் வாதத்தில் இருக்கும் வலுவையும் சொல்லியாக வேண்டும். நகரத்தின் தேவை ஆண்டுக்கு 2 மில்லியன் லிட்டர் வீதம், 10 ஆண்டில் 20 மில்லியன் லிட்டர் கூடும் என்கிறது அறிக்கை. மண்டல வழி அதிகபட்சம் 14 தான் தரும். ஆகவே அது மட்டும் போதாது, இன்னொரு வழி எப்படியும் தேவை. புதிய ஆதாரம் கட்ட ஆறு ஆண்டு ஆகும். ஆக உண்மையான கேள்வி எதை முதலில், எவ்வளவு காத்திருக்கலாம் என்பது. மண்டல வழியின் பலனைப் பார்த்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்துத் தொடங்கினால் புதிய நீர் எட்டாம் ஆண்டு முடிவில் வரும். மண்டல வழி 9 மட்டுமே கொடுத்தால் ஐந்தாம் ஆண்டிலேயே தட்டுப்பாடு தொடங்கிவிடும். காத்திருப்பதன் விலை இது. அதையும் தாளில் போட வேண்டும்.

படி 7: தாள்

முடிவு முதலில், பின்னணி கடைசியில். வாக்கியங்கள் சிறியதாக. ஒவ்வொரு எண்ணுக்கும் அடைப்பில் அறிக்கையின் பக்க எண் (கீழே அதை விட்டிருக்கிறேன்). ஒப்பீட்டுக்கு ஒரே ஓர் அட்டவணை.

> முடிவுக்கு: புதிய நீர் ஆதாரத்துக்கு 400 கோடி ஒதுக்கீடு. குழுவில் அடுத்த வாரம்.
>
> அறிக்கையின் பரிந்துரை: புதிய ஆதாரத்தை உடனே தொடங்குக. காரணம்: 10 ஆண்டில் தேவை தினம் 20 மில்லியன் லிட்டர் கூடும், வேறு எந்தத் தனி வழியும் அதைத் தராது, முழுக் குழாய் மாற்றத்தைத் தவிர.
>
> சிக்கல்: தினம் அனுப்பும் 100 மில்லியன் லிட்டரில் 30 கசிகிறது. மேலும் 10 பயன்படுகிறது, கட்டணம் வரவில்லை. எதுவும் செய்யாவிட்டால் தேவை கூடக்கூட முறை வைத்து நீர் விட வேண்டிவரும்.
>
> | வழி | மொத்தச் செலவு (கோடி) | வீட்டுக்குக் கூடுதல் நீர் (மில்லியன் லிட்டர்/நாள்) | ஒரு மில்லியனுக்கு (கோடி) |
> |---|---|---|---|
> | இப்போதுபோல் | 40 | 0 | – |
> | மண்டலம், கசிவு தேடல் | 120 | 9–14 | 9–13 |
> | முழுக் குழாய் மாற்றம் | 920 | 22 | 42 |
> | புதிய ஆதாரம் | 650 | 28 | 23 |
>
> கட்டுமானம் + 10 ஆண்டு ஓட்டம். ஒரே அடிப்படைக்கு மாற்றியது இந்த அலுவலகம், எண்கள் அறிக்கையுடையவை. பணவீக்கம் சேர்க்கவில்லை.
>
> அலுவலகக் குறிப்பு: கோரிக்கையில் இருக்கும் 400 கோடியில் ஆண்டுக்கு 25 கோடி ஓட்டச் செலவு இல்லை. மண்டல வழி மிக மலிவு, ஆனால் தனியாகப் போதாது. மண்டல வழியை இப்போதே தொடங்கி, புதிய ஆதாரத்தை இரண்டு ஆண்டு கழித்து முடிவுசெய்யலாம். ஆபத்து: மண்டல வழி குறைவாகப் பலித்தால் 5 முதல் 8-ஆம் ஆண்டு வரை தட்டுப்பாடு.
>
> கேட்க வேண்டியவை: ஆண்டுக்கு 25 கோடியை யார் கட்டுவார்? மீதி 18 மண்டலங்களில் கசிவை எப்போது அளப்பீர்கள்? புதிய ஆதாரத்தின் வடிவமைப்பை மட்டும் இப்போதே முடித்து வைத்தால் எத்தனை மாதம் மிச்சமாகும்?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு வழி இருக்கலாம் என்று காட்டுகிறது. அதற்கான பதில் அறிக்கையில் இல்லை. அதனால் நான் அதைப் பரிந்துரையாக எழுதாமல் கேள்வியாக வைத்தேன்.

படி 8: கொடுப்பதற்கு முன்

அறிக்கையைப் பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து மூன்று நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்: என்ன முடிவு எடுக்க வேண்டும், எவ்வளவு செலவு, அறிக்கை என்ன சொல்கிறது, நாம் என்ன சொல்கிறோம்? கடைசி இரண்டையும் அவர் குழப்பினால் படி 6-க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, அறிக்கையின் பக்கத்தைத் திறந்து, சரிபாருங்கள். நீங்களே கூட்டிப் பெருக்கிய எண்களுக்குக் கணக்கைத் தனித்தாளில் எழுதி, கோப்பில் பின்னால் சேர்த்துவிடுங்கள். உறுப்பினர் அதைப் படிக்கமாட்டார். ஆனால் "650 எங்கிருந்து வந்தது? அறிக்கையில் 400 என்றுதானே இருக்கிறது?" என்று துறைச் செயலர் கேட்கும்போது, உதவியாளர் அந்தத் தாளை எடுத்து நீட்டிவிடலாம்.